வலது கையின் தழும்பு

ஆம்பூர் பஜாரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எட்டு வருஷம் டச்சப் வேலை பார்த்தேன். முகப்பரு, கண்ணுக்குக் கீழே கருமை, பல் மஞ்சள் இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை. என் நேரத்தைத் தின்றதெல்லாம் கைகள்தான். புடவை கட்டிக்கொண்டு படம் எடுக்க வரும் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஜாக்கெட் கை இறுக்கமாக இருக்கும். அந்த ஓரம் மேல்கையை அழுத்துகிற இடத்தில் சதை பிதுங்கி நிற்கும். நேரில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. படத்தில் அது மட்டும்தான் தெரிகிறது என்பார்கள்.

இறுக்கமாக ஏன் தைக்கிறார்கள் என்று டெய்லர்களைக் கேட்டால், கை தொளதொளவென்று இருந்தால் துணியைத் திருப்பி முகத்தில் எறிகிறார்கள் என்பார்கள். அதுவும் உண்மைதான். தைத்த மாதம் சரியாக இருக்கும். அடுத்த வருஷம் அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்பார்கள். உள்ளே பிரித்துவிடத் துணி இருக்காது. பிறகு என்னிடம் வந்து, கொஞ்சம் பார்த்து செய்யுங்கள் என்று காதில் சொல்லுவார்கள்.

இந்த வேலையில் எனக்குத் திமிர் இருந்தது. இருக்கக் கூடாதா? எங்கள் ஊரில் மற்ற கடைகளில் கையை ஒல்லியாக்குகிறேன் பேர்வழி என்று சரிகை ஓரத்தையே பாம்பு மாதிரி நெளித்து வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் உருவத்தைத் தள்ளி நகர்த்த ஒரு பிரஷ் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன்னால் சரிகையையும் இடுப்பருகே உள்ள புடவையையும் நகராமல் பூட்டி வைக்க வேண்டும். பெரிய பிரஷ், குறைந்த அழுத்தம். பிதுங்கிய சதையை ஒரே தள்ளாகத் தள்ளக் கூடாது, பத்துத் தடவை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஒதுக்க வேண்டும். அதோடு முடியாது. கோடு நேரானாலும் மேட்டின் வெளிச்சமும் பள்ளத்தின் நிழலும் அங்கேயே இருக்கும். அதை இருக்கிற தோலின் நிறத்திலேயே மெதுவாகச் சமப்படுத்தினால்தான் கை கையாக இருக்கும். தோலின் சின்ன ரோமக்கால் வரை விட்டுவைப்பேன். என் படங்களில் கை பொம்மைக் கையாக இருக்காது.

அந்தப் பெண் தன் அம்மாவோடு வந்தது ஒரு சனிக்கிழமை மதியம். ஷூ கம்பெனியில் தைத்து முடித்த மேல்பாகங்களைச் சோதித்து அனுப்பும் வேலை. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் பேச்சு வந்திருக்கிறது, அன்றைக்கே படம் அனுப்ப வேண்டும் என்றார் அம்மா. அப்பாவும் வந்திருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை வெள்ளைத் திட்டுகள். மருந்துத் தண்ணீரில் நின்று வந்தது, ஒட்டுவதும் இல்லை, பிள்ளைகளுக்கு வருவதும் இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் பெண் கேட்டு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அந்தப் பெண் போட்டிருந்தது சித்தி மகள் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட். கருநீலம், சரிகை வைத்த குட்டைக் கை. கடை முதலாளி பாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு வைத்து, கைகளை முன்னால் கோத்து நேராக நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். சம்பந்தப் படம் என்றால் எங்களுக்கு இந்த நிலைதான். பிறகு அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. திரையைப் பார்க்கவில்லை, என் முழங்கையைப் பார்த்துக்கொண்டு பேசியது. போன வருஷம் திமிரியிலிருந்து பார்க்க வந்த ஓர் அம்மாள் இந்தப் பெண்ணின் மேல்கையை எல்லோர் முன்னாலும் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, இந்தக் கைக்கு வளையல் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும் என்று சிரித்தாளாம். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அன்றிலிருந்து தன் படம் எதையும் தான் பார்ப்பதில்லை என்றது.

"கைய மட்டும் கம்மி பண்ணிடுங்கக்கா. எனக்கு காட்டக்கூட வேணாம்."

எனக்கு மனசு இளகிவிட்டது. இடது கையை நன்றாகச் செய்தேன், அரை மணி நேரம் எடுத்தது. ஜாக்கெட் ஓரத்துக்கு விரலகலம் கீழே சின்ன வயதில் போட்ட தடுப்பூசித் தழும்பு இருந்தது. அதைத் தொடவில்லை. உண்மையான தோல் என்று காட்ட அந்த மாதிரி ஒன்று இருக்கட்டும் என்று விடுவது என் வழக்கம். வலது கைக்கு வந்தபோது கை புடவை மடிப்போடு ஒட்டியிருந்தது. தள்ளினால் மடிப்பு வளைந்தது. இரண்டு முறை அழித்துச் செய்தேன். அம்மா எழுந்து எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் போய்விடும் என்றார். வாலாஜாவிலிருந்து போன் வேறு வந்துகொண்டிருந்தது.

அப்போது அந்தக் குறுக்கு வழி தோன்றியது. பெண் நேராக நிற்கிறது, இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். இடது கையை முழங்கை வரை வெட்டி, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி, வலது கையின் மேல் வைத்தேன். ஓரங்களை மென்மையாக்கினேன். அச்சாகப் பொருந்தியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு பிரிண்ட் கொடுத்து, அம்மாவின் போனுக்கும் அனுப்பிவிட்டேன்.

எட்டு நாள் கழித்து அம்மா தனியாக வந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. படியேறி வந்த மூச்சு இறங்கும் முன்பே, தங்கள் பெண்ணைப் பற்றி யாரோ கெட்டது சொல்லியிருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அக்கா நர்ஸ். போனில் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்திருக்கிறாள். தடுப்பூசித் தழும்பு இரண்டு கையிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கிறதே, எப்படி என்று கேட்டிருக்கிறாள். பிறகு அடுத்த கேள்வி கேட்டிருக்கிறாள்: வலது கையில் எதை மறைக்க இடது கையை எடுத்து ஒட்டினீர்கள்? அப்பா கையைப் பற்றியும் விசாரித்திருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறார்களாம். உள்ளே கூட்டிப்போய்ப் பெண்ணின் உடம்பை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் மேலே பேசுவார்களாம்.

"நீங்க இன்னா பண்ணீங்கம்மா படத்துல?" என்று கேட்டார்.

நான் படத்தைத் திறந்தேன். இரண்டு தழும்புகளும் என்னைப் பார்த்தன. எட்டு வருஷமாகத் தோலை உற்றுப் பார்ப்பதே பிழைப்பாக இருந்த எனக்கு அன்று அது கண்ணில் படவில்லை. பயத்தில் வாய் தானாகப் பேசியது. போனில் அனுப்பும்போது படம் சில சமயம் கெட்டுப்போகும், எங்கள் பிரிண்டில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். பிரிண்டிலும் அதுதான் இருந்தது. அந்த அம்மா தலையாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். என்னை நம்பினார் என்பதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

யாரோ ஒருத்தி ஓர் அறைக்குள் அந்தப் பெண்ணை நிறுத்தி உடம்பைப் பார்க்கப் போகிறாள், காரணம் நான். பாயிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, கடை பேரை இழுத்து விடாதே, பேஜாராகிவிடும் என்றார். ஆனாலும் எழுந்து போய்க் கேமரா கார்டைத் தேடிக் கொடுத்தார். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். எங்கள் நல்ல நேரம், மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. கை வைக்காத அசல் படம் அதில் இருந்தது. வலது கை பளிச்சென்று சுத்தமாக இருந்தது. திட்டு இல்லை, தழும்பு இல்லை. பிதுக்கம் மட்டும் இருந்தது. அதை என் போனில் ஏற்றிக்கொண்டேன்.

பில் புத்தகத்தில் நம்பர் பார்த்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்தது. பக்கத்தில் பெண்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அம்மாவிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். திட்டும் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அசல் படம் என்னிடம் இருக்கிறது, அதைக் காட்டினால் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றேன். இல்லையென்றால் அன்றைக்கு அதே குட்டைக் கை ஜாக்கெட்டைப் போட்டுக்கொள், கை நேரிலேயே தெரியும் என்றேன்.

"அந்த போட்டோ அவங்க கண்ல படக் கூடாதுக்கா. ஜாக்கெட்டும் அது போட மாட்டேன். நீங்க வந்து சொல்லுங்க, போதும்."

படத்தைக் காட்ட மாட்டேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நேரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை அதே யோசனைதான். என்னவென்று சொல்வது? கூடத்தில் உட்கார்ந்து, பெண்ணின் கையைத் திருத்தினேன் என்றால், எதற்காகத் திருத்தினாய் என்று கேட்பார்கள். அந்தப் பதில்தான் அந்தப் பெண் பயப்படும் பதில். மாப்பிள்ளை வீட்டார் கத்தினால், அம்மா என் பொய்யைப் போட்டு உடைத்தால், கடை வரை வந்தால் என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து பார்த்தேன். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

போனேன். பாலாற்றங்கரைப் பக்கம் சின்ன வீடு, கூடமும் ஓர் உள் அறையும்தான். தெரிந்த அக்கா என்று அந்தப் பெண் சொல்லி வைத்திருந்தது. நான் கதவோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை, அவர் அம்மா, அக்கா மூன்று பேர் வந்தார்கள். அந்த நர்ஸ் ஒரு ராட்சசியாக இருப்பாள் என்று நான் மனசைத் தயார் செய்து வைத்திருந்தேன். வந்தது சாந்தமான முகம். டியூட்டி முடிந்து தூங்காமல் வந்த கண்கள். அவள் பேச்சில் கடுமையே இல்லை. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. எதிரில் கத்துகிறவர்களிடம் பதிலுக்குக் கத்தலாம், இவளிடம் என்ன செய்வது?

பெண் முழங்கை வரை கை வைத்த புது ஜாக்கெட்டில் வந்து நின்றது. கையை முழுக்க மூடிவிட வேண்டும் என்று தைக்கச் சொல்லியிருக்கிறது போல. அதுவும் இறுக்கம்தான். அப்பா கைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று எனக்குள் ஒன்று விரட்டியது. நான் வாய் திறப்பதற்குள் அந்த நர்ஸ் எழுந்துவிட்டாள். பெண்ணின் அம்மாவைப் பார்த்து, நீங்கள் இருங்கம்மா, இரண்டு நிமிஷம்தான் என்றாள். அவளும் பெண்ணும் உள் அறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் போனார்கள். பெண் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து பின்னாலேயே போனேன். யாரும் தடுக்கவில்லை.

உள்ளே ஒரு கட்டில், ஒரு பீரோ. நர்ஸ் வலது கை ஜாக்கெட்டை மேலே ஏற்றச் சொன்னாள். பெண் இரண்டு விரலால் இழுத்தது. முழங்கைக்கு மேல் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. துணி சதையில் மாட்டிக்கொண்டு நின்றது. நர்ஸும் ஒரு முறை முயன்று பார்த்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக, ஆஸ்பத்திரியில் சொல்வது போலச் சொன்னாள்.

"ஊக்க கழட்டிடும்மா. ஒண்ணும் பயப்படாத."

பெண் முந்தானையை விலக்கி முதல் ஊக்கில் கை வைத்தது. ஊக்கு சட்டென்று கழலவில்லை. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. தப்பு என்னுடையது என்றேன். நான்தான் போட்டோ கடைப் பெண், அவசரத்தில் இடது கையைத் திருப்பி ஒட்டிவிட்டேன், தழும்பு கூடவே வந்துவிட்டது, அந்தப் பெண்ணிடம் எந்தக் குறையும் இல்லை என்று கடகடவென்று கொட்டினேன். நர்ஸ் பொறுமையாகக் கேட்டாள். எதற்காக ஒட்டினீர்கள் என்றாள். நான் பெண்ணைப் பார்த்தேன்.

"அக்கா சொல்றத நம்பாம இல்ல. நாளைக்கு எங்கம்மா என்னத்தான் கேப்பாங்க. பாத்துட்டா முடிஞ்சுது," என்றாள் நர்ஸ். பிறகு பெண்ணிடம், "அப்படியே முதுகையும் ஒரு தடவ பாத்துடலாம்மா," என்றாள்.

முதல் ஊக்கு கழன்றது. இரண்டாவதும் கழன்றது. பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. கையில் ஆரம்பித்தது முதுகுக்குப் போய்விட்டது, முதுகிலிருந்து எங்கே போகும்? கொடுத்த வாக்கை அந்த நிமிஷம் உடைத்தேன். போனை எடுத்து அசல் படத்தைத் திறந்து நர்ஸின் கையில் திணித்தேன். எதற்காக ஒட்டினேன் என்று இதைப் பார்த்தால் தெரியும் என்றேன்.

அவள் படத்தைப் பெரிசாக்கினாள். வலது கையை மேலிருந்து கீழ் வரை நகர்த்திப் பார்த்தாள். இடது கைக்கும் போனாள். மறுபடி வலது கைக்கு வந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

"ஜாக்கெட் டைட்டு," என்றாள். "வேற ஒண்ணும் இல்ல. போட்டுக்கம்மா." போனை என்னிடம் நீட்டிவிட்டு, வெளியே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று திரையை விலக்கிக்கொண்டு போனாள். கூடத்தில் அவள் குரலும், அதன் பின் பெண்ணின் அம்மா பெருமூச்சு விடுவதும் கேட்டது. யாரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். நல்ல நாள் பார்ப்பது பற்றிப் பேச்சு ஆரம்பமானது.

பெண் ஊக்குகளைப் போட்டுக்கொண்டு திரும்பியது. என் மேல் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அது கையை நீட்டிப் போனைக் கேட்டது. கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தது. ஒரு வருஷமாகத் தன் படத்தையே பார்க்காத பெண். பெரிசாக்கியது. கருநீல ஜாக்கெட்டின் ஓரத்தில், சரிகைக்குக் கீழே, கால் விரற்கடை அளவு மேடு. அதற்குப் பக்கத்தில் மெல்லிய நிழல்.

"இவ்ளோதானா?" என்றது.

இவ்வளவுதான். இந்தப் படத்தை அன்றைக்கு ஸ்டுடியோவிலேயே காட்டியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். எனக்குக் காட்ட வேண்டாம் என்று அது சொன்னது, நானும் காட்டவில்லை. எட்டு வருஷத்தில் எந்தப் பெண்ணுக்கும் நான் அசலைக் காட்டியதில்லை. எல்லோர் கையையும் சரி செய்துதான் கொடுத்திருக்கிறேன். சரி செய்ய என்ன இருந்தது என்று ஒருத்திக்கும் தெரியாது. அந்த அறையில் நின்று அதை நினைத்தபோது எனக்கு என் மேலேயே பயமாக இருந்தது.

அம்மா திரைக்கு வெளியிலிருந்து, வா, வந்து கும்பிடு, அவர்கள் சரி சொல்லிவிட்டார்கள் என்று கூப்பிட்டார். குரலில் அழுகையும் சந்தோஷமும் கலந்திருந்தது. பெண் எழவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கலைந்த முந்தானையைத் தோளில் சரியாக ஊசி குத்தியது. ஊசி ஒரே தடவையில் ஏறியது.

"அவங்கள போகச் சொல்லுங்கக்கா," என்றது. "இன்னொரு தடவ யார் முன்னாடியும் நான் ஊக்கு கழட்ட மாட்டேன்."

அம்மாவிடம் நீயே சொல்லம்மா என்று கெஞ்சினேன். தலையை ஆட்டியது. நீங்கள் வந்ததே சொல்லத்தானே என்றது. கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது, அப்பாவின் குரலும் முதல் தடவையாகக் கேட்டது. இந்த முறை போனில் படம் கெட்டுப்போனது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நான் திரையை விலக்கினேன். எல்லோரும் எனக்குப் பின்னால் பெண் வருகிறதா என்று பார்த்தார்கள். சொன்னேன்.